“அடித்தார்” என்று அவன் சொல்லவில்லை

நான் முன்பள்ளி ஆசிரியை. மூன்று வயதுச் சிறுவன் ஒருவனின் உடலில் காரணம் தெரியாத கன்றல்களைக் கண்டு, குழந்தைப் பாதுகாப்புக் கவலைக் குறிப்பை முதன்முறையாக எழுதிய நாளைப் பற்றி இங்கே பகிர்கிறேன். அவனை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பில் நான் செய்த பிழைகளையும், அவை திருத்தப்பட்ட விதத்தையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

சிற்றுண்டிக்கு முன் பிள்ளைகள் கை கழுவும் நேரம். நீர் படாமலிருக்க அவனுடைய சட்டைக் கையை மேலே மடித்துவிட்டபோது, இடது மேற்கையின் உட்புறத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே, கன்றிப்போன மூன்று தடங்கள் தெரிந்தன. அதன் பிறகே இடது காதின் மேல் விளிம்பில் கருஞ்சிவப்பாக ஒரு தடம் இருப்பதையும் கவனித்தேன். “இது என்னப்பா?” என்று கேட்டேன். “டொக்கு” என்றான். “டொக்கு எப்படி வந்துச்சு?” என்றேன். “மாமா டொக்கு. கதவு” என்றான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனம் பதறியதில், “மாமா அடிச்சாரா?” என்று கேட்டுவிட்டேன். அவன் குழாயைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

மேலும் எதுவும் கேட்காமல், சட்டையைக் கழற்றிப் பார்க்காமல், என் கைப்பேசியில் படம் எடுக்காமல் அவனை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். வேறு இடங்களில் காயம் உண்டா என்று உடையைக் களைந்து பார்ப்பது மருத்துவரின் வேலை என்பது எங்கள் பயிற்சியில் சொல்லித்தரப்பட்டிருந்தது. அவன் சொன்ன சொற்களை மட்டும் வருகைப் பதிவுத் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு, உதவி ஆசிரியையிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு, எங்கள் முன்பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் போனேன். குறிப்பை எழுதி முடித்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது. வாய்மொழியாக உடனே சொல்லிவிட வேண்டும், எழுத்து அதைத் தொடர்ந்து அதே நாளில் வர வேண்டும்.

அவர் கேட்டுக்கொண்டு, அமைதியான அறை ஒன்றில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த முதல் வரைவு இப்படித் தொடங்கியது: “சிறுவனின் கையில் யாரோ அழுத்திப் பிடித்ததால் ஏற்பட்ட விரல் தடங்கள் உள்ளன. அவை இரண்டு மூன்று நாள் பழையவை. மாமா தன்னை அடித்ததாகச் சிறுவன் கூறினான். அவன் மிகவும் பயந்துபோயிருந்தான். தாய் இதைப் பற்றி எதுவும் சொல்லாமல் மறைத்துவிட்டார்.”

ஐந்து வாக்கியங்கள். ஒன்றுகூட நான் கண்டதோ கேட்டதோ அல்ல என்பது எழுதிய நேரத்தில் எனக்கு உறைக்கவேயில்லை. பொறுப்பாளர் அதைக் கிழிக்கவும் இல்லை, தானே திருத்தவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் மேலும் விரலை வைத்து, “இதை நீங்கள் பார்த்தீர்களா, கேட்டீர்களா, நினைத்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

“விரல் தடங்கள்” என்பது நான் நினைத்தது. நான் பார்த்தவை ஏறக்குறைய வட்டமான மூன்று தடங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரே வரிசையில் இருந்தன, தோல் கிழியவில்லை. இதைப் படிக்கும் மருத்துவர் விரல் பதிந்த தடமா என்பதை அவரே யோசித்துக்கொள்வார். ஆனால் நான் “விரல்” என்று எழுதிவிட்டால், வரிசை, அளவு, வடிவம் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமற்போய்விடும்.

“இரண்டு மூன்று நாள் பழையவை” என்பதை நான் ஏதோ தெரிந்தவள்போல எழுதியிருந்தேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கன்றல் நிறம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மாற்றம் ஆளுக்கு ஆள், ஒரே உடலில் இடத்துக்கு இடம் வேறுபடும். நிறத்தை வெறுங்கண்ணால் பார்த்து ஒரு கன்றலின் வயதை நம்பகமாகச் சொல்ல மருத்துவர்களாலும் இயலாது. என் கணிப்பு தவறாக இருந்தால், அந்த நாளில் அவனோடு இருந்தவர் என்று சம்பந்தமில்லாத ஒருவர்மீது சந்தேகம் விழக்கூடும், அல்லது உண்மையில் சம்பந்தப்பட்டவர் விசாரணையிலிருந்து விலகிவிடக்கூடும். அதனால் நாள் கணக்கை நீக்கிவிட்டு, “நீலமும் ஊதாவும் கலந்த நிறம்” என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாவது வாக்கியத்தில்தான் நெடுநேரம் நின்றோம். “அடித்தார் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததா?” என்று கேட்டார். இல்லை. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அவன் சொன்னது “மாமா டொக்கு. கதவு” என்பதுதான். அந்த வயதுப் பிள்ளை சொல்லும் “டொக்கு” என்பது அடியாக இருக்கலாம், இடித்துக்கொண்டதாக இருக்கலாம், காயத்தின் பெயராகவே இருக்கலாம். கதவில் இடித்தபோது மாமா அருகில் இருந்ததைச் சொல்கிறானா, மாமாவும் கதவும் தனித்தனிச் செய்திகளா என்பது எனக்குத் தெரியாது. அவனுடைய மூன்று சொற்களையும் பெரியவர்களின் இலக்கணத்தில் ஒரு முழு வாக்கியமாக்கியதும் அந்தச் சாத்தியங்கள் அனைத்தையும் நானே அடைத்துவிட்டேன். குழந்தைகளிடம் பேசப் பயிற்சி பெற்றவர் பின்னர் அவனைச் சந்திக்கும்போது, அவருக்குத் தேவைப்படுவது அவனுடைய “டொக்கு” என்ற சொல்லே அன்றி என்னுடைய “அடித்ததாகக் கூறினான்” அல்ல.

அடுத்ததாக, நான் கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும் என்றார். எனக்குத் தயக்கமாக இருந்தது. “மாமா அடிச்சாரா?” என்பது பதிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்வி, சிறு பிள்ளைகள் பெரியவர்களின் அத்தகைய கேள்விகளுக்கு எளிதில் தலையாட்டிவிடுவார்கள். அதை விட்டுவிட்டு, தலையாட்டியதை மட்டும் எழுதிவிடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். விட்டிருந்தால் முழுக் குறிப்பின் நம்பகத்தன்மையும் போயிருக்கும். வரிசைப்படி எழுதியதில்தான் ஒன்று தெளிவாயிற்று: “மாமா டொக்கு. கதவு” என்ற சொற்கள் என் தவறான கேள்விக்கு முன்பே, திறந்த கேள்விகளுக்குப் பதிலாக வந்தவை, தலையசைப்பு அதற்குப் பின் வந்தது. முன்னதன் மதிப்பு வேறு, பின்னதன் மதிப்பு வேறு.

“பயந்துபோயிருந்தான்” என்பதற்குப் பதிலாக, நான் கையைத் தொடப் போனபோது அவன் தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதை எழுதினேன். பிறகு சிற்றுண்டியை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, மற்ற இரு பிள்ளைகளோடு கட்டைகளை அடுக்கிச் சிரித்து விளையாடினான். அதையும் எழுதச் சொன்னார் பொறுப்பாளர். என் கவலைக்கு வலுச்சேர்ப்பதை மட்டும் பொறுக்கி எழுதினால், படிப்பவருக்குக் கிடைப்பது அந்தப் பிள்ளையின் காலைப் பொழுதல்ல, என் வாதம்.

தாய் மறைத்தார் என்பது எல்லாவற்றிலும் அநியாயமான வாக்கியம். காலையில் வாசலில் அவனை அழைத்துக்கொண்டவர் உதவி ஆசிரியை; நான் தாயைப் பார்க்கவே இல்லை. விசாரித்தபோது, “ராத்திரி விழுந்துட்டான், காதைப் பாத்துக்கங்க” என்று தாய் அவரிடம் சொல்லியிருந்தது தெரியவந்தது. அதை என் குறிப்பில் நான் எழுதவில்லை; கேட்டவர் அவர் என்பதால் அவரே தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். தாய் சொன்னதும் பிள்ளை சொன்னதும் ஒத்துப்போகின்றனவா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் இரண்டு தாள்களில், அவரவர் சொற்களில் இருந்தன.

குறிப்போடு இணைக்கும் உடல் வரைபடத்தில் நான் இன்னொரு பிழை செய்தேன். முன்புறம், பின்புறம் என்று இரு உருவங்கள் அச்சிடப்பட்ட தாள் அது. எனக்கு எதிரே நின்றவனை நினைத்துக்கொண்டே வரைந்ததில், பின்புற உருவத்தில் காதுத் தடத்தை வலப்பக்கக் காதின்மேல் குறித்துவிட்டேன். முன்புற உருவத்தின் இடது நமக்கு வலப்பக்கம். பின்புற உருவத்தின் இடது நமக்கும் இடப்பக்கம். அழிக்காமல், வெள்ளை பூசாமல், ஒற்றைக் கோட்டால் அடித்து, அருகில் என் சுருக்கொப்பமும் நேரமும் இட்டுச் சரியான இடத்தில் மீண்டும் குறித்தேன். அவன் இடுப்பில் பிறப்பிலிருந்தே உள்ள நீல நிற மச்சத்தைச் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் முன்பே பதிந்திருந்தார்கள். அத்தகைய மச்சங்களைக் கன்றலென்று எண்ணிவிடுவது நடப்பதுண்டு என்பதால், அந்தப் படிவத்தின் படியைப் பொறுப்பாளர் உடன் வைத்தார்.

என் கருத்துக்கும் ஓர் இடம் இருந்தது; “கவலைக்கான காரணம்” என்ற தனிப் பகுதி. ஓடியாடும் பிள்ளைகள் விழும்போது பெரும்பாலும் முழங்கால், முன்னங்கால், நெற்றி போன்ற எலும்பு துருத்திய இடங்களில்தான் கன்றும். காது, கழுத்து, வயிறு, முதுகு, மேற்கையின் உட்புறம் ஆகியவை சாதாரண விழுகையில் அவ்வளவாக அடிபடாத இடங்கள். அதனாலேயே கவலைப்படுகிறேன் என்று எழுதினேன். இரத்தம் உறைவதில் உள்ள குறைபாட்டாலும் இப்படித் தடங்கள் வரலாம் என்பதால், காரணத்தை ஊகிக்காமல் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

இறுதிக் குறிப்பின் நடுப்பகுதி இதுதான்:

“காலை 10.20. கை கழுவும் இடம். நானும் சிறுவனும் மட்டும். இடது மேற்கையின் உட்புறத்தில் ஏறக்குறைய வட்டமான மூன்று தடங்கள், ஒரே வரிசையில், ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ. அகலம், நீலமும் ஊதாவும் கலந்த நிறம். இடது காதின் மேல் விளிம்பில் கருஞ்சிவப்பான ஒரு தடம், சுமார் 2 செ.மீ. நீளம். நான்: ‘இது என்னப்பா?’ சிறுவன்: ‘டொக்கு.’ நான்: ‘டொக்கு எப்படி வந்துச்சு?’ சிறுவன்: ‘மாமா டொக்கு. கதவு.’ நான்: ‘மாமா அடிச்சாரா?’ சிறுவன் என்னைப் பார்க்காமல், குழாயைப் பார்த்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டினான். நான் வேறு கேள்வி கேட்கவில்லை.”

கீழே என் பெயர், பொறுப்பு, கையெழுத்து, எழுதி முடித்த நேரம் 11.40. பென்சிலால் எழுதிய தாளையும் எறியாமல் உடன் இணைத்தோம். பிள்ளையை அழைத்துச் செல்ல ஆள் வருவதற்கு முன்பே பொறுப்பாளர் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைத்து, குறிப்பைச் சொல்லுக்குச் சொல் படித்துக் காட்டினார். வீட்டாரிடம் எப்போது, யார் பேசுவது என்பதை அதிகாரிகளே முடிவு செய்தார்கள்.

12.35க்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் இடது காதைக் கையால் மூடிக்கொண்டு “இங்க வலிக்குது” என்றான். “சரிப்பா” என்றேன், வேறெதுவும் கேட்கவில்லை. முதல் குறிப்பில் இடம் மிச்சமிருந்தும் அதில் சேர்க்காமல், புதுத் தாள் எடுத்து நேரத்தை எழுதி, அந்த இரண்டு சொற்களையும் அவன் சொன்னபடியே எழுதிக் கையெழுத்திட்டு, பொறுப்பாளரின் கையில் கொடுத்தேன்.