ஒன்றரைக் கோடி முக்கோணமும் ஒரு நெல் எலிவேட்டரும்

கிளிநொச்சியில் ஒரு பட்டறைக்காக சொலிட்வேர்க்ஸ் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் வரைபடம் செய்து கொடுக்கிறேன். போன காலபோகத்துக்கு முன் பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு, பெல்ட்டில் பூட்டிய வாளிகளால் நெல்லை மேலே தூக்கும் வாளி எலிவேட்டர் இரண்டு வரைய வேண்டி வந்தது. ஒவ்வொன்றும் ஒன்பது மீற்றர் உயரம், பெல்ட்டில் 96 வாளிகள். ஒரு வாளிக்கு மூன்று போல்ட், மூன்று நட், மூன்று வாசர். வாளியையும் அதன் ஆணிகளையும் ஒரு சின்ன துணை அசெம்பிளியாக்கி பெல்ட் நெடுக அடுக்கியிருந்தேன்.

எல்லாம் சேர்ந்ததும் பைல் திறக்கப் பதினொரு நிமிடம் ஆனது. திறந்த பிறகும் மௌசைத் திருப்பினால் படம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். இடையில் கரண்ட் போனால் அந்தப் பதினொரு நிமிடமும் மறுபடி முதலிலிருந்து.

முதலில், திறக்கும் பெட்டியில் Mode என்ற இடத்தில் Lightweight தெரிவு செய்தேன். இதில் ஒரு பாகத்தின் உருவமும் அடிப்படைத் தளங்களும் மட்டும் ஏறும், அதை உருவாக்கிய அம்சங்கள் ஏறாது. திரையின் இடப்பக்கம் பாகங்கள் கிளைகிளையாக வரும் பட்டியலில், பாகத்தின் பக்கத்தில் ஒரு சிறு இறகு தெரியும். ஒரு பாகத்தைத் திருத்தப் போனால் அது மட்டும் முழுதாக ஏறிக்கொள்ளும். திறக்கும் நேரம் நான்கு நிமிடமாகக் குறைந்தது. ஆனால் சுழற்றும்போது இருந்த இழுவை அப்படியே இருந்தது.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. Lightweight குறைப்பது நினைவகத்தில் ஏற்றும் சுமையை. எந்த உருவத்தையும் கணினி சின்னச் சின்ன முக்கோணங்களாகத்தான் திரையில் வரைகிறது, அந்த முக்கோணங்களை அது குறைப்பதில்லை. Tools பட்டியலில் Evaluate, அதற்குள் Performance Evaluation. அதில் எந்தப் பாகம் எத்தனை முக்கோணம் என்று பார்த்தேன். இணையத்திலிருந்து இறக்கிய போல்ட்டில் மரை உண்மையாகவே சுருளாக வெட்டப்பட்டிருந்தது. ஒன்றுக்கு 18,000 முக்கோணம், நட்டுக்கு 9,000. 576 சோடி. பெருக்கினால் ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரே பைல் 576 தடவை வருவதால் திறக்கும் நேரத்தை அது அவ்வளவாகக் கூட்டவில்லை, திரையைத்தான் கொன்றது.

அவசரத்தில் நான் செய்தது துணை அசெம்பிளியில் Simple என்று ஒரு கொன்பிகரேஷன், அதாவது அதே பைலுக்குள் இன்னொரு வடிவம் போட்டு, அதில் ஆணிகள் அத்தனையையும் Suppress செய்து அணைத்து வைத்ததுதான். படம் பறந்தது. அந்தச் சந்தோசத்தில் அதே நிலையில் பொருள் பட்டியலையும் எடுத்து பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் காலை பட்டறை அண்ணையிடமிருந்து போன்: "தம்பி, வாளியைப் பெல்ட்டிலை பசை போட்டே ஒட்டுறது?" Suppress செய்த பாகம் பட்டியலில் வராது. 1,728 உருப்படிகள் காணாமல் போயிருந்தன.

சரி என்று வேறு விதமாகச் செய்தேன். போல்ட் பைலுக்குள்ளேயே Simple கொன்பிகரேஷன் போட்டு மரைச் சுருளை மட்டும் Suppress செய்தேன். போல்ட் இருக்கும், மரை இராது. இப்போது ஒன்றுக்கு 400 முக்கோணம்தான். நட்டுக்கும் அப்படியே. கொன்பிகரேஷன் பண்புகளில் பட்டியலில் காட்டும் பாக எண்ணை Document Name என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டின் பெயர் பட்டியலில் Simple என்று வந்து நிற்கலாம்.

மாற்றியதும் துணை அசெம்பிளி சிவப்பாகியது. நட்டை மரையின் முகத்தோடு Mate செய்து இணைத்திருந்தேன். மரை போனதும் பிடிக்க முகம் இல்லை. போல்ட்டின் மழுமழுப்பான தண்டையும் தலையின் அடிப்பக்கத்தையும் பிடித்துத் திரும்ப இணைத்தேன். துணை அசெம்பிளி ஒன்றே என்பதால் ஒரு இடத்தில் திருத்த 192 வாளியும் சரியாகின. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியாக மேல் அசெம்பிளியில் வைத்திருந்தால் அன்று இரவு விடிந்திருக்கும்.

மிச்சமிருந்த நான்கு நிமிடத்துக்குக் காரணம் கியர் மோட்டர். விற்பவர் தந்த, எந்த வரைபட மென்பொருளிலும் திறக்கக்கூடிய STEP பைலில் உள்ளே பல்சக்கரம், பெயரிங் எல்லாம் இருந்தது. எனக்கு வேண்டியது வெளிக்கூடும் நான்கு கால் துளையும்தான். அந்த அசெம்பிளியைத் தனியாகத் திறந்து, Save As கொடுத்து, பாகமாகச் சேமிக்கும்போது Exterior faces தெரிவு செய்தேன். வெறும் மேற்பரப்புத்தான் மிஞ்சும் என்பதால் அதற்கு எடை இராது. பெயர்ப்பலகையில் இருந்த 42 கிலோவை Override Mass Properties வழியாகக் கையால் கொடுத்தேன். இதைச் செய்யாமல் தாங்கு சட்டத்தின் பாரத்தைக் கணக்கிட்டால் பிழையாகிவிடும்.

இப்போது Simple கொன்பிகரேஷனை Lightweight முறையில் திறக்க ஐம்பது விநாடி. பட்டறைக்குப் போகும் வரைபடத் தாளும் பொருள் பட்டியலும் மட்டும் முழுக் கொன்பிகரேஷனைப் பார்க்கின்றன. அதைத் திறக்கிற நாளில் முதலில் தேத்தண்ணி வைத்துவிட்டுத்தான் சொடுக்குவேன்.