ஒர்க் வேற, வேலை வேற

நேற்று கொழிஞ்சாம்பாறையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பிசிக்ஸ் பாடம் ஒன்றைப் பேச்சுத் தமிழில் சுருக்கிச் சொன்னேன். ‘ஒர்க்’கை ‘வேலை’ என்று சொன்னது தப்பாகிவிட்டது.

“மூட்டையைத் தூக்கிட்டு அசையாம நின்னா எவ்வளவு வேலை?”

“நெறையங்கண்ணா, கழுத்தே வலிக்குமே!” என்றாள் ஒருத்தி. பேச்சில் அது சரிதான். பாடத்திலோ பூஜ்யம், மூட்டை நகரவில்லையே.

அப்புறம் ‘ஒர்க்’ என்றே வைத்துக்கொண்டேன். 10 கிலோ தேங்காய் மூட்டையை 1 மீட்டர் உயர்த்தினால் சுமார் 98 ஜூல். 1 நொடியில் தூக்கினாலும் 5 நொடியில் தூக்கினாலும் அது மாறாது. நொடிக்கு எவ்வளவு ஒர்க் என்று சொல்லும் பவர்தான் 98 வாட்டிலிருந்து கிட்டத்தட்ட 20 வாட்டாகக் குறையும்.

புத்தகத்தை மூடிவிட்டு, வேறு உதாரணத்தோடு திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

“வாளி மேல வந்தாத்தான் ஒர்க். கயித்தைப் புடிச்சுட்டு சும்மா நின்னா இல்லைங்கண்ணா.”