மெஷின் அவர் ரேட்: நான்கு செலவு, ஒரு வகுக்கும் எண்

கோவை கணபதியில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சி.என்.சி. லேத், இரண்டு பழைய சென்டர் லேத், ஒரு டிரில்லிங் மெஷின். சி.என்.சி.க்கு மணிக்கு 300 ரூபாய் என்று வாங்கிக்கொண்டிருந்தோம். அது நான் கணக்குப் போட்டு வந்த தொகை இல்லை. பக்கத்துப் பட்டறைகளில் ஓடும் ரேட். பம்ப் உதிரிபாகம் கொடுக்கும் பார்ட்டி ஒருவர் 'பிரேக்அப் கொடுங்க, ரேட் ஏத்திக் கேக்குறதைப் பேசலாம்' என்றதும்தான் உட்கார்ந்து போட்டேன். தேய்மானம், கரண்ட், ரிப்பேர், இன்சூரன்ஸ் நான்கையும் எப்படிப் பிடித்தேன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆபரேட்டர் சம்பளம், வாடகை, வட்டியெல்லாம் இதற்கு மேல் தனியாக வரும்.

முதலில் தேய்மானம். மெஷின் பில் 22,50,000 ரூபாய். இதற்கு மேல் கட்டிய 18 சதவீத ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக எடுத்துவிட்டேன், அதனால் அது செலவில் சேராது. ஆனால் கிரேன் வைத்து இறக்கியது, ஃபவுண்டேஷன், ஸ்டெபிலைசர், வயரிங் என்று போன 1,50,000 கண்டிப்பாகச் சேரும். மொத்தம் 24 லட்சம். பத்து வருடம் ஓட்டினால் 4 லட்சத்துக்காவது விற்கும் என்று வைத்துக்கொண்டேன். மீதி 20 லட்சத்தைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 2 லட்சம்.

ஆடிட்டரின் தாளில் வேறு தொகை இருந்தது. வருமான வரிக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே வரும் மதிப்பின் மீது எழுதுவார்கள். முழு வருடம் ஓடியிருந்தால் முதல் வருடம் 3,60,000 வரும். எட்டாவது வருடம் அதுவே 1,15,000 அளவுக்கு இறங்கிவிடும். 'அது வரிக்குங்க சார், கொட்டேஷனுக்கு அதை எடுக்காதீங்க' என்று அவரே சொன்னார். எடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். அதே மெஷினில் அதே ஜாப், முதல் வருடம் தேய்மானம் மட்டும் மணிக்கு 112 ரூபாய், எட்டாவது வருடம் 36 ரூபாய். பார்ட்டிக்கு இதை எப்படி விளக்குவது?

இன்னொரு பழக்கம் எங்கள் தெருவில் பரவலாக உண்டு: தேய்மானத்துக்குப் பதில் லோன் இ.எம்.ஐ.யைப் போட்டுவிடுவார்கள். அசலும் வட்டியும் கலந்த தொகை அது. லோன் முடிந்த மாதமே ரேட் இறங்கினதுபோலத் தெரியும், மெஷின் என்னவோ அதேபோலத்தான் தேய்ந்துகொண்டிருக்கும்.

சரி, 2 லட்சத்தை எத்தனை மணியால் வகுப்பது? முழுக் கணக்கும் இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. இரண்டு ஷிஃப்ட், டீ, சாப்பாடு போக நாளைக்கு 14 மணி, வருடத்துக்கு 290 நாள் என்றால் 4,060 மணி வரும். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெட்டீரியல் வராத நாள், ஆபரேட்டர் வராத நாள், பிரேக்டவுன் எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

நிஜ எண் மெஷினிலேயே இருக்கிறது. எங்களுடையது ஃபானக் கண்ட்ரோல். அதன் டைமர் பக்கத்தில் POWER ON, OPERATING TIME, CUTTING TIME என்று வரிசையாக வரும். ஆட்டோவில் புரோகிராம் ஓடிய நேரம்தான் OPERATING TIME. டூல் ஃபீடில் நகர்ந்து வெட்டிய நேரம் மட்டும் CUTTING TIME. முதலாவதை எடுத்தால் சும்மா ஆன் ஆகி நின்ற நேரமும் சேரும். கடைசியை எடுத்தால் டூல் மாறும் நேரம், வேகமாக நகரும் நேரம் விட்டுப்போகும். அதனால் நடுவில் இருப்பதை எடுத்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் குறித்து வைத்ததற்கும் மார்ச் கடைசிக்கும் வித்தியாசம் 2,500 மணி. பீஸைக் கழற்றி மாட்டும் நேரம் இதில் வராது. வருடத்துக்கு 36,000 பீஸ், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் 300 மணி. லாக் புக்கில் இருந்த செட்டிங் நேரம் 400 மணி. செட்டிங்குக்கும் பார்ட்டியிடம் காசு வாங்குவதால் அதையும் சேர்த்தேன். மொத்தம் 3,200.

தேய்மானம் மணிக்கு 62.50 ஆனது.

கரண்டுக்கு நேம் பிளேட்டைப் பார்த்து 15 கிலோவாட் என்று பெருக்கினால் தப்பாகிவிடும். அது ஸ்பிண்டில் மோட்டாரின் உச்சத் திறன். எங்கள் ஜாப்பில் அந்த அளவுக்கு எப்போதாவதுதான் போகும். தனியாக ஒரு சப் மீட்டர் மாட்டி ஒரு வாரம் பார்த்தோம். ஹைட்ராலிக், கூலன்ட் பம்ப் எல்லாம் சேர்த்து, பீஸ் மாட்டும் நேரமும் உட்பட, ஓடும் மணிக்கு 5 யூனிட். யூனிட் விலைக்கு, வருட பில்களின் மொத்தத்தை மொத்த யூனிட்டால் வகுத்தேன்: 10 ரூபாய். ஃபிக்சட் சார்ஜ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் என்பதால், வேலை குறைந்த ஒரு மாதத்து பில்லை மட்டும் எடுத்தால் யூனிட் விலை எகிறிவிடும். ஆக மணிக்கு 50 ரூபாய்.

ரிப்பேர் ஒரு வருடம் போல இன்னொரு வருடம் வராது. நான்கு வருட பில்களைக் கூட்டினேன்: 4,40,000. அதில் 80,000, டரட் போய் சக்கில் மோதியதற்கு ஆன செலவு. அதை எடுத்துவிட்டேன். அந்த விபத்துக்கு அடுத்தவர் ஜாப்பில் காசு கேட்க முடியாது, அது நேராக நஷ்டக் கணக்கு. ஸ்பிண்டில் பேரிங் மாற்றியதை விடவில்லை, அது ஓட்டத்தில் வரும் தேய்வுதான். மீதி 3,60,000, சராசரி 90,000. மெஷினுக்கு வயது ஏறுகிறது என்று 96,000 ஆக வைத்தேன். மணிக்கு 30. இன்சர்ட் இதில் இல்லை. ஜாப்புக்கு ஜாப் மாறுவதால் தனியாக எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் சின்னத் தொகைதான், பிரிக்கும் விதம் மட்டும் கவனிக்க வேண்டும். தீ பாலிசி மொத்தப் பட்டறைக்கும் சேர்த்து 80 லட்சத்துக்கு, பிரீமியம் 16,000. அதில் சி.என்.சி.யின் பங்கு, இன்றைக்குப் புதிதாக வாங்கும் விலையான 28 லட்சம். ஆக 5,600. மெஷினரி பிரேக்டவுன் பாலிசி இதற்கு மட்டும் 10,400. இரண்டும் சேர்ந்து 16,000, மணிக்கு 5 ரூபாய். (பிரீமியத்தை மிச்சப்படுத்தப் புத்தக மதிப்புக்கு இன்சூர் செய்தால், கிளெய்ம் வரும்போது அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.)

```
62.50 + 50.00 + 30.00 + 5.00 = 147.50
```

4,060 மணியால் வகுத்திருந்தால் 126.85 வந்திருக்கும். மணிக்கு 20.65 குறைவு, உண்மையில் ஓடும் 3,200 மணிக்கு அது வருடத்துக்கு 66,000 ரூபாய். சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் மணிக்கு 140 சேர்ந்தால் என் அடக்கம் 287.50. தெரு ரேட்டான 300-இல் எனக்கு மிஞ்சியது 12.50.

பிரேக்அப்பை அனுப்பியதும் பார்ட்டி மணி ரேட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. பேச்சு லாட் அளவில் வந்து நின்றது. முன்பு 200 பீஸாகக் கொடுத்தவர், இப்போது 50 பீஸாகக் கொடுக்கிறார், பீஸ் விலை மட்டும் பழையபடியே வேண்டுமாம். ஒரு பீஸுக்கு மாட்டுவது உட்பட 5 நிமிடம். செட்டிங் 2 மணி. செட்டிங்கில் கரண்ட் கொஞ்சம்தான் என்று அதை விட்டுவிட்டு 97.50 போட்டேன். 200 பீஸுக்கு மெஷின் செலவு மட்டும் பீஸுக்கு 13.27 வருகிறது, 50 பீஸுக்கு 16.19. செட்டிங்கில் நிற்கும் ஆபரேட்டர் சம்பளத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இப்போது பில்லில் செட்டிங் சார்ஜ் தனி வரியாகப் போகிறது. அவர் 100 பீஸுக்குக் குறையாமல் லாட் அனுப்புகிறார்.