நான்கு இன்டரப்ட், ஒரே பின்: பிரையாரிட்டி என்கோடர் கட்டிப் பார்த்தது

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் போர் மோட்டாரைக் கவனிக்க அர்டுயினோ யூனோ வைத்து ஒரு போர்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான்கு இடங்களிலிருந்து செய்தி வரும்: பேஸ் போய்விட்டது, போரில் தண்ணீர் வற்றிவிட்டது, தொட்டி நிறைந்துவிட்டது, யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். யூனோவில் இருக்கும் அட்மெகா328 சிப்புக்கு வெளி இன்டரப்ட் பின் இரண்டுதான். அதில் ஒன்று வேறு வேலைக்குப் போய்விட்டது. மீதி இருக்கும் ஒரே பின்னில் நான்கையும் கொண்டுவர வேண்டும், ஒரே சமயத்தில் இரண்டு வந்தால் எது முக்கியமோ அது முதலில் கேட்க வேண்டும். கூப்பிடுபவர்களில் முக்கியமானவரின் எண்ணைச் சொல்லும் சுற்றுக்குப் பெயர்தான் பிரையாரிட்டி என்கோடர்.

இவ்வளவு மெதுவான சிக்னல்களுக்கு லூப்பில் சுற்றிச் சுற்றிப் படித்தாலே போதும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். பொழுதுபோக்குக்குச் செய்கிறேன், அவ்வளவுதான். இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டாரைக் காப்பாற்றும் வேலை ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேக்கும் சிங்கிள் பேசிங் பிரிவென்டருக்கும் உரியது. என் போர்டு வேடிக்கை பார்க்கும், குறித்து வைக்கும். அதோடு சரி.

சிப்புகளெல்லாம் எச்.சி. வரிசை, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியவை. எட்டு இன்புட் என்கோடர் 74148 தனியாகவே கிடைக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்பதால் நான்கு இன்புட்டுக்குக் கேட்களை வைத்தே கட்டினேன். பேஸ் D3, வறட்சி D2, தொட்டி D1, பட்டன் D0. எண் பெரிதானால் முன்னுரிமை பெரிது.

```
D3 D2 D1 D0 | Y1 Y0 V
 0  0  0  0 |  x  x 0
 0  0  0  1 |  0  0 1
 0  0  1  x |  0  1 1
 0  1  x  x |  1  0 1
 1  x  x  x |  1  1 1
```

இன்புட் பக்கம் இருக்கும் x, 'எதுவாக இருந்தாலும் சரி' என்பதைக் குறிக்கிறது. D3 வந்துவிட்டால் கீழே இருப்பவை என்ன செய்தாலும் விடை 11 தான். இதைச் சுருக்கினால் கிடைப்பது:

```
Y1 = D3 + D2
Y0 = D3 + D2'·D1
V  = D3 + D2 + D1 + D0
```

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். Y1, Y0 இரண்டிலும் D0 எங்கேயுமே இல்லை. பட்டன் அழுத்தினாலும் 00, யாருமே கூப்பிடாவிட்டாலும் 00. D0 என்ற கம்பியைச் சுற்றிலிருந்து பிடுங்கிப் போட்டாலும் Y1, Y0 சேர்ந்த இரண்டு பிட் கோடில் ஒரு மாற்றமும் தெரியாது. அது இடம்பெறுவது V-யில் மட்டும். நான்கு பேரைக் குறிக்க இரண்டு பிட் போதும். ஆனால் 'யாரும் இல்லை' என்பது ஐந்தாவது நிலை, அதற்கு இரண்டு பிட்டில் இடமில்லை. அதனால்தான் மூன்றாவதாக V என்ற அவுட்புட் வேண்டியிருக்கிறது. இன்டரப்ட் பின்னுக்குப் போக வேண்டியதும் இந்த V தான், கோடு அல்ல.

கேட் கணக்கு அழகாக அமைந்தது. D3+D2 என்பது Y1-க்கும் V-க்கும் பொது. அப்படிப் பகிர்ந்துகொண்டால் மொத்தம் நான்கு ஆர் கேட், அதாவது சரியாக ஒரே ஒரு 7432. ஆண்ட் ஒன்றுக்கு 7408. இன்வெர்ட்டருக்கு 7404 போடாமல் ஸ்மிட் வகையான 7414 எடுத்தேன். அதில் ஆறு இருக்கிறது. D2-வைத் திருப்ப ஒன்று, V-யைத் திருப்பி யூனோவுக்கு அனுப்ப ஒன்று, மீதி நான்கும் நான்கு கான்டாக்டுகளின் பவுன்ஸை அடக்க. 7408-ல் சும்மா கிடக்கும் கேட்களின் இன்புட்டைத் தரையில் கட்டிவிட வேண்டும். சீமாஸ் சிப்பில் இன்புட்டை அந்தரத்தில் விடக் கூடாது.

பிரெட்போர்டில் ஸ்விட்ச் வைத்துப் பார்த்தால் எல்.ஈ.டி. மூன்றும் அட்டவணைப்படியே எரிந்தன. ஆனால் எல்.ஈ.டி. காட்டாத ஒன்று இதில் இருக்கிறது என்று சமன்பாட்டைப் பார்த்தாலே தோன்றியது. D2-விலிருந்து Y1-க்கு ஒரு கேட் தூரம். அதே D2-விலிருந்து Y0-க்கு இன்வெர்ட்டர், ஆண்ட், ஆர் என மூன்று கேட் தூரம். 5 வோல்ட்டில் ஒரு கேட் சுமார் 10 நானோ விநாடி எடுக்கும் என்று வைத்தால், Y1 மாறிய பிறகு Y0 மாறுவதற்கு இன்னும் ஒரு 20 நானோ விநாடி ஆகும்.

தொட்டி நிறைந்து D1 கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, கோடு 01. அந்த நேரம் போர் வற்றி D2 எழுகிறது. விடை 10 ஆக வேண்டும். Y1 உடனே 1 ஆகிவிடும், Y0 இன்னும் பழைய 1-லேயே நிற்கும். அந்த 20 நானோ விநாடிக்குக் கோடு 11. அதாவது பேஸ் போய்விட்டது! பேஸ் கம்பி அசையவே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க என்னிடம் ஆஸிலாஸ்கோப் இல்லை. அதனால் தாமதத்தையே பெரிதாக்கினேன். D2-வைத் திருப்பும் 7414-ன் இன்புட்டுக்கு முன்னால் மட்டும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும். இப்போது இன்வெர்ட்டர் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி பிந்தித்தான் திரும்பும். சாதாரண 7404-ல் இப்படி மெதுவாக ஏறும் சிக்னலைக் கொடுத்தால் நடுவில் தடுமாறும். ஸ்மிட் வகை எடுத்தது இங்கே கை கொடுத்தது. ஸ்விட்சுக்குப் பதிலாக யூனோவின் பின்களிலிருந்தே D1, D2-வை ஓட்டி, மாற்றிய உடனே ஒருமுறையும் 5 மில்லி விநாடி கழித்து ஒருமுறையும் கோடைப் படித்து சீரியல் மானிட்டரில் அச்சிட்டேன்.

```
D1=1 D2: 0->1   udane: 3   piragu: 2
D1=1 D2: 1->0   udane: 0   piragu: 1
```

முதல் வரி எதிர்பார்த்ததுதான். இரண்டாவது வரி இன்னும் சுவாரசியம். D2 இறங்கும்போது Y1 உடனே விழுந்துவிடுகிறது, Y0 எழ நேரமாகிறது. இடையில் 00 வருகிறது, அது பட்டனின் கோடு. இரண்டு சமயத்திலும் V ஆடாமல் 1-லேயே இருந்தது. D1 நடுவில் விழவே இல்லையே, V எப்படி விழும்?

என் கிருஷ்ணகிரி நண்பர் ஒருவர், மோட்டார் காயில் கட்டுபவர், இந்த அச்சைப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, வேலிட்னு ஒரு கம்பி இழுத்திருக்கீங்க, அது சரின்னு சொல்றப்ப கோடு தப்பா இருந்தா அது என்னா வேலிட்?" என்றார். சரியான கேள்வி. V சொல்வது 'யாரோ ஒருவர் கூப்பிடுகிறார்' என்பதை மட்டும். 'கோடு செட்டில் ஆகிவிட்டது' என்று அது சொல்லவே இல்லை. ஆங்கிலப் பெயரில் இருக்கும் நம்பிக்கை சுற்றில் இல்லை.

கப்பாசிட்டரைக் கழற்றிவிட்டால் அந்த ஜன்னல் மறுபடி 20 நானோ விநாடியாகச் சுருங்கும். புரொசஸர் படிக்கும் கணமும் D2 மாறும் கணமும் அவ்வளவு நெருக்கமாக மோதுவது அபூர்வம். ஆனால் இரண்டுக்கும் பொதுக் கடிகாரம் கிடையாது, என்றாவது மோதும். மோதினால் பொய்யான பேஸ் எச்சரிக்கை ஒன்று பதிவாகும், மறுபடி வரவழைக்க முடியாது. அப்படிப்பட்ட கோளாறைத் தேடுவதைவிட முன்னாடியே அடைத்துவிடுவது மேல்.

அடைக்கும் வழி, படிக்கும் நேரத்தில் இன்புட்டை உறைய வைப்பது. என்கோடருக்கு முன்னால் 74373 லாட்ச் ஒன்று வைத்தேன். அதன் லாட்ச் எனேபிள் 1-ல் இருக்கும்வரை வந்தது அப்படியே உள்ளே போகும். 0 ஆக்கினால் அந்தக் கணத்தில் இருந்ததைப் பிடித்துக்கொள்ளும். யூனோ முதலில் அதை 0 ஆக்குகிறது, ஒரு மைக்ரோ விநாடி காத்திருக்கிறது, பிறகு படிக்கிறது. கேட்கள் மூன்றும் அடங்க அந்த நேரம் தாராளம். லாட்ச்சை என்கோடருக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. அது தப்பான கோடையே பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் V-யைக் கேட்கும் விதத்தில். பழக்க தோஷத்தில் எல்லோரும் `FALLING` என்று போடுவோம். V-யைத் திருப்பி அனுப்புவதால் யாராவது கூப்பிட்டால் பின் 0 ஆகும். D1-க்காக ஒருமுறை விழுந்தது. இன்டரப்ட் ரொட்டீன் D1-ஐக் கவனித்துக்கொண்டிருக்கும்போது D0 வந்தால், D1 அழிந்த பிறகும் V இறங்காது, D0 பிடித்துக்கொண்டிருக்கும். பின் 0-விலிருந்து எழவே இல்லை, எனவே புதிதாக விழவும் முடியாது. பட்டன் மட்டும் அல்ல, அதற்குப் பிறகு வரும் பேஸ் செய்தியும் சேர்ந்து செத்துப்போகும். அறிகுறி இதுதான்: ஒருநாள் நன்றாக ஓடும் போர்டு திடீரென்று எதற்கும் அசையாது, மீட்டரில் அந்தப் பின் நிரந்தரமாக 0 காட்டும், ரீசெட் செய்தால் சரியாகிவிடும்.

ஆகவே `LOW`, அதாவது மட்டத்தைப் பார்க்கும் வகை. ஆனால் மட்டம் என்றால் கோரிக்கை தீராதவரை ரொட்டீன் திரும்பத் திரும்ப ஓடும். பேஸ் மூன்று மணி நேரம் வராவிட்டால் மூன்று மணி நேரமும் அதே ரொட்டீன்தான். அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு 7474 ஃபிளிப்ஃபிளாப். கான்டாக்ட் மூடும் கணத்தை அது பிடித்து வைக்கும், யூனோ அழித்தால் அழியும். விளிம்பைப் பிடிப்பது தனித்தனிக் கம்பிகளின் வேலை, மட்டத்தைப் பார்ப்பது பொதுவான V-யின் வேலை. இந்தப் பிரிவினைதான் முழுச் சுற்றின் உயிர்.

```
void kooppidu() {
  PORTD &= ~(1 << 6);        // லாட்ச் உறைய
  delayMicroseconds(1);
  uint8_t k = (PIND >> 4) & 3;
  PORTB &= ~(1 << k);        // அந்த 7474-ஐ அழி
  PORTB |= (1 << k);
  PORTD |= (1 << 6);         // லாட்ச் திறக்க
  vandhadhu |= (1 << k);
}
```

அழித்த பிறகுதான் லாட்ச்சைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், அழிக்கும்வரை பழைய கோரிக்கையே மறுபடி உள்ளே போய் V எழுந்து நிற்கும். `vandhadhu` என்பது `volatile`. கரன்ட் வந்ததும் 7474 எந்த நிலையில் எழும் என்று சொல்ல முடியாது, அதனால் `setup()`-ல் நான்கையும் ஒருமுறை அழித்துவிட்டுத்தான் `attachInterrupt`.

இப்போது நான்கு கம்பிகளையும் ஒரே நேரத்தில் இழுத்தால் சீரியலில் 3, 2, 1, 0 என்று வரிசையாக வருகிறது. கப்பாசிட்டரை மறுபடி போட்டு, காத்திருப்பை 5 மில்லி விநாடியாக்கிப் பார்த்தேன். பொய்க் கோடு ஒன்றுகூட வரவில்லை. பேஸ் கான்டாக்ட் தளர்ந்து படபடத்துக்கொண்டே இருந்தால் D3 ஓயாமல் கூப்பிட்டு மற்ற மூன்றையும் பட்டினி போடும். அதற்கு என்கோடரில் மருந்து இல்லை, ஒவ்வொரு கம்பிக்கும் மாஸ்க் பிட் ஒன்று வைக்க வேண்டும். 7408-ல் மூன்று ஆண்ட் மீதமிருக்கிறது, நான்கு கம்பிக்கு ஒன்று குறைகிறது.

எட்டுக் கம்பி வேண்டும் என்றால் 74148-க்குப் போகலாம், ஆனால் அதில் எல்லாமே தலைகீழ்: இன்புட்டும் 0-வில்தான் கூப்பிடும், கோடும் திருப்பி வரும். 7-வது இன்புட்டுக்கு 000, 0-வது இன்புட்டுக்கு 111. யாரும் இல்லாவிட்டாலும் 111. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதன் GS பின், அதுவும் 0-வில்தான் 'உண்டு' என்கிறது. நம் V-யைத் திருப்பப் போட்ட இன்வெர்ட்டர் அங்கே தேவையில்லை, GS-ஐ நேராக INT0 என்ற இன்டரப்ட் பின்னுக்கு இழுக்கலாம். லாட்ச் மட்டும் அங்கேயும் முன்னால் இருக்க வேண்டும். அதுவும் வெறும் கேட்களால் ஆன சிப்தான், கடிகாரம் உள்ளே கிடையாது.