பின்னத்துக்குள் பின்னம்: கீழே இருந்ததை மறந்த கதை

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்த புதிதில் எனக்கு எல்லைக் கணக்குகள் ஓடவே இல்லை. எல்லைதான் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரியூசன் சேர் என் கொப்பியைப் பார்த்த பிறகுதான் வியாதி வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. பின்னத்துக்குள் பின்னம் வந்தால் எனக்குச் சுருக்கத் தெரியாது. அன்று நான் பிழைவிட்ட கணக்கு இது:

```
(1/x − 1/3) / (x − 3)
```

மேலே உள்ள பின்னங்களின் பகுதிகள் x, 3. அவற்றின் பொது மடங்குகளுட் சிறியது 3x. மேலே 3x ஆல் பெருக்கினேன், 3 − x வந்தது. கீழே இருந்த x − 3 இல் பின்னம் எதுவும் இல்லைத்தானே என்று அதை அப்படியே விட்டேன். (3 − x)/(x − 3), ஆகவே விடை −1. அழகாகச் சுருங்கிவிட்டதால் சந்தேகமே வரவில்லை.

சேர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, மேல இருக்கிறவனுக்குப் பெருக்கினனீர், கீழ இருக்கிறவன் என்ன பாவம் செய்தவன்?"

நாம் உண்மையில் பெருக்குவது 3x ஆல் அல்ல, 3x/3x ஆல். அது 1 என்பதால்தான் பெறுமானம் மாறாமல் இருக்கிறது. மேலே மட்டும் பெருக்கினால் கணக்கையே மூன்று x மடங்காக்கிவிட்டோம் என்று அர்த்தம். சரியான செய்கை இப்படி வரும்:

```
3x(1/x − 1/3) = 3 − x
3x(x − 3)
விடை: (3 − x) / [3x(x − 3)] = −1/(3x)
```

3 − x என்பது −(x − 3) என்று கண்டால் வெட்டுவது இலகு. கீழே 3x(x − 3) ஐ அடைப்பு நீக்கி 3x² − 9x என்று விரித்துவிட்டால் வெட்ட வேண்டிய காரணி கண்ணில் படாது. அதனால் பெருக்கியதும் கீழ்ப்பக்கத்தை அடைப்போடேயே விடுங்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். விடை வந்ததும் x க்கு ஓர் இலகுவான எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். இங்கே x = 1 என்றால் மேலே 2/3, கீழே −2, ஆகவே பெறுமானம் −1/3. −1/(3x) உம் அதையே தருகிறது. என் பழைய விடை −1. அரை நிமிட வேலை, பிழை உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் 0, 3 இரண்டையும் போடாதீர்கள், அங்கே முதல் கோவையே வரையறுக்கப்படவில்லை. (எல்லைக் கணக்கில் x, 3 ஐ அணுகும்போது நேரடியாகப் போட்டால் 0/0 வருகிறது. சுருக்கிய பிறகு −1/9 என்று விடை வருகிறது. எனக்கு வராமல் இருந்த எல்லை இவ்வளவுதான்.)

மேலும் கீழும் பின்னங்கள் இருந்தால் பொது மடங்கை மேலே மட்டும் பார்த்து எடுக்கக்கூடாது. உள்ளே இருக்கிற எல்லாப் பகுதிகளையும் பார்க்க வேண்டும்.

```
(1 + 2/x) / (1 − 4/x²)
```

இங்கே x, x² இரண்டுக்கும் x². பெருக்கினால் மேலே x² + 2x, கீழே x² − 4. என் மருமகன் போன கிழமை இதைச் செய்தபோது மேலே x + 2 என்று எழுதியிருந்தான். மேலே x ஆல் பெருக்கினால் போதும் என்று நினைத்திருக்கிறான். எல்லா உறுப்பும் அதே x² ஐப் பெற வேண்டும். பிறகு காரணிப்படுத்தினால் x(x + 2) / [(x − 2)(x + 2)], அதாவது x/(x − 2). x = 4 போட்டால் 1.5 ஐ 0.75 ஆல் வகுக்கிறோம், 2 வருகிறது. 4/2 உம் 2.

இன்னொரு பொறி, மேலே கூட்டல் கழித்தல் இல்லாமல் பெருக்கம் இருப்பது. (1/x)(1/3) ஐ 3x ஆல் பெருக்கினால் 1 தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக 3x ஆல் பெருக்கினால் 3 உம் x உம் வந்து கணக்கு கெட்டுவிடும். உறுப்புக்கு ஒரு தரம், காரணிக்குக் காரணி இல்லை.

எல்லா இடத்திலும் இந்த வழி வேண்டியதில்லை. மேலே ஒரு பின்னம், கீழே ஒரு பின்னம் மட்டும் என்றால் கீழதைத் தலைகீழாக்கிப் பெருக்குவதுதான் சுருக்கம். ஆனால் 1/2 + 1/3 போல இரண்டு உறுப்புகள் கீழே இருக்கும்போது அதைத் தலைகீழாக்கி 2 + 3 என்று எழுதுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கீழே உண்மையில் 5/6, தலைகீழானால் 6/5. கீழே கூட்டல் கண்ணில் பட்டாலே தலைகீழாக்கலை விட்டுவிட்டுப் பொது மடங்கை எடுங்கள்.

கடைசியாக எழுத்து. நடுக்கோட்டை மற்றக் கோடுகளைவிட நீட்டிப் போடுங்கள். எந்தக் கோடு பெரியது என்று தெரியாவிட்டால் 2 இன் கீழ் 3, அதன் கீழ் 4 என்பது 2/3 ஐ 4 ஆல் வகுத்து 1/6 ஆகவும் வரும், 2 ஐ 3/4 ஆல் வகுத்து 8/3 ஆகவும் வரும்.