பெயர் மாற்றக் கடிதம்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 18, வெள்ளி

பங்குப் பிரிவினை கையெழுத்தாகிவிட்டது. நகைக்கடைக்கு இருந்த தாத்தா பெயர் சித்தப்பாவுக்கு, கடை எங்களுக்கு. அப்பா மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 19

வாடிக்கையாளர்களுக்கான கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். "பெயர் மட்டுமே மாறுகிறது, இடமும் ஆட்களும் தரமும் அதேதான்" என்று தொடங்கினேன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணியில் சித்தப்பா புதுக்கடை திறந்து தாத்தா பெயரை மாட்டப்போகிறார். நம்மிடம் சீட்டுக் கட்டுகிறவர்கள் கையில் இருக்கும் அட்டையிலும் அதே பெயர்தான். அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் எந்தக் கடைக்குப் போவார்கள்? நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய வளையலை மாற்ற வருகிறவர், பில்லில் உள்ள பெயரைப் பார்த்து அங்கே போய் நின்றால்? அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் வாங்கியது நாங்கள்.

கடிதம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், நன்றியெல்லாம் அப்புறம்.

ஜூலை 21

ஆடிட்டரைப் பார்த்தேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது அதே நிறுவனமா, புதிதா? சித்தப்பா பங்கிலிருந்து விலகினார், அப்பாவும் நானும் தொடர்கிறோம், கூட்டு கலைக்கப்படவில்லை. அதனால் பான் எண் மாறாது. பான் மாறாததால் ஜிஎஸ்டி எண்ணும் மாறாது; பெயர்த் திருத்தத்துக்கு 15 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும். கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தால் பதிவுகளை எல்லாம் புதிதாக எடுக்க வேண்டும், பழைய சீட்டுக்கும் முறையாகக் கணக்கு முடிக்க வேண்டும்.

இதில் கடிதத்துக்கு ஒரு நல்ல வரி கிடைத்தது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்தும் நிறுவனத்தின் பான். "உங்கள் பழைய பில்லிலுள்ள ஜிஎஸ்டி எண்ணும் எங்கள் புதுப் பில்லிலுள்ள எண்ணும் ஒன்றே. அந்த எண் உள்ள பில் எந்தப் பெயரில் இருந்தாலும் அதற்குப் பொறுப்பு நாங்களே." யாரையும் குறை சொல்லாமல் எந்தக் கடை என்று காட்டிவிடுகிறது.

ஜூலை 22

புதுப்பெயருக்கு அப்பா சம்மதித்துவிட்டார். பாட்டி பெயர்.

ஜூலை 25

பதினோரு மாதச் சீட்டில் ஏழு தவணை கட்டியிருக்கும் ஒரு அம்மா வந்தார். மாதம் 5,000. மகளுக்குத் தையில் கல்யாணம். செய்தி எப்படியோ போயிருக்கிறது. "என் 35,000 பத்திரமா இருக்கா தம்பி?" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சீட்டில் கட்டிய அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைப்போம். கிராம் 9,000 இருந்த நாளில் கட்டிய 5,000-க்கு 0.555 கிராம். அவர் கணக்கு ரூபாயில் இல்லை, தங்கத்தில் இருக்கிறது. கடிதத்தில் "கட்டிய தொகை பத்திரமாக உள்ளது" என்று மட்டும் எழுதினால், நாளை விலை ஏறியபின் ரூபாயைத்தான் திருப்பித் தருவார்களோ என்ற பயம் வராதா?

அதனால் சீட்டுக்காரர்களுக்குத் தனிக் கடிதம். கீழே ஒரு கட்டம்: அட்டை எண், கட்டிய தவணை, இதுவரை சேர்ந்த கிராம். பேனாவால் நிரப்பி, கடை முத்திரை வைத்து, அப்பா கையெழுத்து. அச்சடித்த கையெழுத்து வேண்டாம்.

ஜூலை 26

இத்தனையிலும் நான் கையெழுத்துப் போடுவதா என்கிறார் அப்பா.

ஜூலை 28

சித்தப்பா பற்றி ஒரு வரி வேண்டும், இல்லையென்றால் ஊர் தானாக ஒன்றை எழுதிக்கொள்ளும். "என் தம்பி பங்கிலிருந்து விலகித் தனியே தொழில் தொடங்குகிறார். அவருக்கு எங்கள் வாழ்த்துகள்." அப்பா வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "வாழ்த்துகள்" என்பதை அடித்துவிட்டு "ஆசிகள்" என்று எழுதினார்.

ஜூலை 30

கடிதம் மட்டும் போதாதாம். பங்குதாரர் விலகியதைப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் தமிழ் நாளிதழிலும் அறிவிப்புத் தர வேண்டும். அதுவரை கடைக்காக நாங்கள் வாங்கும் கடனுக்குச் சித்தப்பாவும் பொறுப்பு, கடை பெயரைச் சொல்லி அவர் வாங்குவதற்கு நாங்களும். நாளிதழ் அறிவிப்புக்கு இன்றே எழுதிக் கொடுத்தேன்.

ஹால்மார்க் பதிவிலும் பெயர் மாற வேண்டும். ஏற்கெனவே விற்ற நகைகளில் உள்ள ஆறு எழுத்து எண் அப்படியே செல்லும், மறுபடி முத்திரை குத்தத் தேவையில்லை. இதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கடை நிறையக் கூட்டம். கடிதம் அச்சாகி வந்திருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும் என்று அம்மா பிடிவாதம். தடவினோம். யாருக்கும் இன்று கொடுக்கவில்லை. ஜிஎஸ்டி திருத்தத்துக்கு ஒப்புதல் வராமல் புதுப்பெயரில் பில் போட முடியாது. கடிதத்தில் ஒரு பெயர், பில்லில் வேறு பெயர் என்றால் அந்த அம்மா மாதிரி எத்தனை பேர் பதறுவார்கள்.

ஆகஸ்ட் 4

அப்பா சீட்டுக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு பெயரையும் படித்து, இவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாலி செய்தோம், இவர் அப்பாவுக்குத் தாத்தா கடன் கொடுத்தார் என்று சொல்கிறார். பாதிகூட முடியவில்லை.

ஆகஸ்ட் 6

சித்தப்பா கடைப் பலகை வந்து இறங்கிவிட்டதாம். ஒப்புதல் இன்னும் வரவில்லை. ஆடிட்டரிடம் மறுபடி கேட்க வேண்டும்.