சிப்பில் இல்லாத 25 எழுத்துகள்

MYBPC3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு நீக்கம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் ஏறக்குறைய 4 பேரிடம் இருக்கிறது; இதயத்தசை நோயுடன் அதற்குத் தொடர்பு இருப்பதை 2009-ல் வந்த ஆய்வு காட்டியது. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த இடங்களை மட்டும் வாசிக்கும் மரபணு சிப்பிலிருந்து எங்களிடம் இருந்த டேட்டாவில் அந்த இடமே கிடையாது. எல்லா மாதிரிகளுக்கும் பி.சி.ஆர். செய்ய நிதியும் இல்லை. சரி, சுற்றியுள்ள இடங்களை வைத்து விடுபட்டதை ஊகிப்போம், அதாவது இம்ப்யூட் செய்து பார்ப்போம் என்று முடிவாயிற்று.

முதல் கேள்வி, ஊகிப்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுத் தொகுப்பாக, அதாவது ரெஃபரன்ஸ் பேனலாக, எதை எடுப்பது என்பது. ஹெச்.ஆர்.சி. பேனலில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம் நகல்கள் வீதம் 64,976 ஹேப்லோடைப்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அதைவிட முக்கியம், அதில் ஒற்றை எழுத்து மாற்றங்கள் மட்டுமே. நீக்கங்கள் இல்லை, எனவே நாங்கள் தேடுவது அதிலிருந்து வரவே வராது. 1000 ஜீனோம்ஸ் மூன்றாம் கட்டத்தில் 2,504 பேர்தான், ஆனால் 489 பேர் தெற்காசியர்கள். இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேரும் அதில் அடக்கம். 489 பேர் என்றால் 978 ஹேப்லோடைப். நீக்கத்தின் அலீல் விகிதம் 2 சதவீதம் என்று வைத்தால் சுமார் 20 நகல்கள். இந்த 20-ஐ நம்பித்தான் எல்லாமே.

தயாரிப்பு வேலை வழக்கமானது. சரியாக வாசிக்கப்படாத இடங்களை நீக்கினோம். எந்த இழையில் எழுதியது என்று பிரித்தறிய முடியாத A/T, C/G இடங்களைக் கழித்தோம். சிப்பும் பேனலும் இரண்டுமே மனித மரபணுத்தொகுதியின் GRCh37 பதிப்புதானா என்று பார்த்தோம். அப்புறம் MYBPC3 இருக்கும் 11-வது குரோமோசோமை மட்டும் பீகிள் என்ற இம்ப்யூட் மென்பொருளில் ஓட்டினோம்:

```
java -Xmx16g -jar beagle.jar gt=chr11.vcf.gz \
  ref=chr11.1kg.bref3 map=plink.chr11.GRCh37.map \
  gp=true out=chr11.imp
bcftools index chr11.imp.vcf.gz
bcftools query -r 11:47350000-47375000 \
  -f '%ID\t%INFO/AF\t%INFO/DR2\n' chr11.imp.vcf.gz
```

நீக்கம் வெளியே வந்தது, ஊகம் எவ்வளவு சரி என்று பீகிளே மதிப்பிட்டுத் தரும் DR2 என்ற மதிப்பெண்ணும் 0.8-ஐத் தாண்டியிருந்தது. குழுவில் பாதிப் பேருக்கு அதுவே போதும் என்று தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை.

காரணத்தை 100 பேரை வைத்துச் சொல்கிறேன். அவர்களில் 4 பேரிடம் நீக்கம் ஒரு நகல் இருக்கிறது. மாடலுக்கு ஒன்றுமே தெரியாவிட்டால் எல்லோருக்கும் டோசேஜ், அதாவது ஒருவரிடம் எதிர்பார்க்கும் நீக்க நகல்களின் எண்ணிக்கை, 0.04 என்று கொடுத்துவிடும். பரவல் பூஜ்யம், மதிப்பெண்ணும் பூஜ்யம். சரியான 4 பேருக்கும் தவறான 4 பேருக்கும் தலா 0.5 கொடுத்தால், டோசேஜின் பரவலை, அலீல் விகிதம் p 0.02 என்று வைத்து, 2p(1-p)-ஆல் வகுக்க மதிப்பெண் 0.47 வரும். உண்மையுடனான r²-ம் கிட்டத்தட்ட அதேதான். இதுவரை நேர்மையான கணக்கு.

இப்போது மாடல் 4 பேருக்கு உறுதியாக 1 கொடுக்கிறது, அவர்களில் 2 பேர்தான் உண்மையில் உடையவர்கள் என்று வையுங்கள். பரவல் முழுதாக இருக்கிறது, மதிப்பெண் 0.98. உண்மையான r² வெறும் 0.23. DR2 ஆகட்டும், மினிமேக் என்ற இன்னொரு மென்பொருள் தரும் Rsq ஆகட்டும், கணக்கிடும் முறை கொஞ்சம் மாறினாலும் இரண்டும் மாடல் தன் விடைத்தாளைத் தானே திருத்திப் போட்ட மதிப்பெண்கள். பேனலில் உள்ள மக்களும் நம் மாதிரிகளும் வேறுபட்டால் அது தெரியாமலேயே தன்னம்பிக்கையோடு எழுதிவிடும்.

இதில் இன்னொரு வம்பு, 'எத்தனை சதவீதம் சரி' என்ற கணக்கு. மேலே சொன்ன மோசமான நிலையிலும் 100-க்கு 96 பேருக்கு விடை சரி. யாருக்குமே நீக்கம் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே 96. அரிய மாற்றங்களுக்கு அந்த எண்ணை யாராவது ஸ்லைடில் போட்டால் நான் நம்புவதில்லை.

எனவே மறைத்துப் பார்த்தோம். MYBPC3-ஐச் சுற்றி, சிப்பில் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அலீல் விகிதம் 1 முதல் 3 சதவீதம் உள்ளவற்றை எடுத்து, `bcftools view -T ^masked.txt` மூலம் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். சிப்பின் அசல் விடையோடு டோசேஜை ஒப்பிட்டபோது, பெரும்பாலான இடங்களில் உண்மையான r² மதிப்பெண்ணைவிடக் கொஞ்சம் குறைவு. சில இடங்களில் பாதாளம். பொதுவான மாற்றங்களுக்கு இந்த இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. ஆக, வழக்கமாகச் சொல்லும் 0.3 என்ற வரம்பு அங்கே சமாளிக்கும், 2 சதவீத மாற்றத்துக்கு நான் 0.8-க்குக் கீழே இறங்க மாட்டேன்.

மறைப்புச் சோதனையும் முழு விடை அல்ல; சிப்பில் இடம்பெறும் மாற்றங்கள் தேர்ந்தெடுத்து வைக்கப்பட்டவை, நம் நீக்கம் அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அதனால் டோசேஜ் 0.3-க்கு மேல் வந்த எல்லோரையும், பூஜ்யத்தை ஒட்டியவர்களில் சிலரையும் எடுத்து பி.சி.ஆர். செய்தோம். 25 எழுத்து வித்தியாசம் ஜெல்லில் இரண்டு பட்டைகளாகத் தெளிவாகவே பிரியும். 0.9-க்கு மேல் இருந்தவர்களில் அநேகமாக எல்லோரிடமும் நீக்கம் இருந்தது. 0.4, 0.6 என்று நடுவில் நின்றவர்களில் சிலரிடம் இருந்தது, சிலரிடம் இல்லை. DR2 மொத்தக் கூட்டத்துக்கான எண்; தனி ஒருவரைப் பற்றி, அவரிடம் நீக்கம் 0, 1, 2 நகல்கள் இருப்பதற்கான நிகழ்தகவைத் தரும் GP பத்திதான் ஏதாவது சொல்லும்.

தொடர்பு ஆய்வுக்கு டோசேஜை முழு எண்ணாக வெட்டாமல் அப்படியே கொடுத்தோம். பங்கேற்பாளருக்குத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் மட்டும், பி.சி.ஆர். உறுதிசெய்தவர்களைத் தவிர வேறு எவரையும் சேர்க்கவில்லை.